தாயத்தில் வெட்டவா, ஓட்டவா, மலையில் உட்காரவா?

"லீவுக்கு தருமபுரி வந்தால் எங்கள் வீட்டில் தினமும் தாயம்தான். வெட்டு கிடைத்தால் சுற்றி இருக்கிற எல்லாரும் 'வெட்டு வெட்டு' என்று கத்துகிறார்கள். நானும் வெட்டுகிறேன், அடுத்த முறையே என் காய் போய்விடுகிறது. எப்போது வெட்டணும், எப்போது ஓட்டணும், எப்போது மலையில் உட்காரணும்? இதில் கணக்கு ஏதாவது இருக்கா, இல்லை எல்லாமே கட்டை விழுகிற விதம்தானா?"

கணக்கு இருக்கிறது. கட்டை விழுவது உங்கள் கையில் இல்லை, ஆனால் எந்தக் கட்டத்தில் காயை நிறுத்துவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. தாயத்தில் பாதி ஆட்டம் அங்கேதான் முடிவாகிறது.

ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெரு சட்டம் மாறும் என்பதால், நான் எந்த ஆட்டத்தை வைத்துப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் அத்தை வீட்டுக் கல் திண்ணையில் 5க்கு 5 கட்டம் செதுக்கியே வைத்திருப்பார்கள். நாலு பக்கத்திலும் நடுக்கட்டம் மலை, பெருக்கல் குறி போட்டது. மலையில் இருக்கிற காயை வெட்ட முடியாது, இரண்டு பேர் காயும் ஒரே மலையில் இருக்கலாம். உங்கள் பக்கத்து மலையில் காய் இறங்கும். வெளிச்சுற்று 16 கட்டம், பிறகு உள்ளே திரும்பி 8 கட்டம், நடுவில் பழம். மலையை 1 என்று எண்ணினால் பழம் 25. மலைகள் 1, 5, 9, 13. ஒவ்வொரு காயும் இறங்கத் தாயம், அதாவது 1, வேண்டும். ஒரு வெட்டாவது வெட்டாமல் உள்சுற்றுக்குப் போக முடியாது, வெளியிலேயே சுற்ற வேண்டியதுதான். தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம், வெட்டினாலும் ஒரு உருட்டு உண்டு. விழுந்ததை எல்லாம் சேர்த்து வைத்து, விருப்பப்படி காய்களுக்குப் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் 7க்கு 7 கட்டமாக இருந்தாலும் கட்டைக் கணக்கு இதேதான், மலைகளுக்கு இடையே உள்ள தூரம்தான் மாறும்.

இப்போது கட்டை. பித்தளைத் தாயக்கட்டைக்கு நாலு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டு கட்டையும் சேர்ந்து விழ 16 வழி. அதில் 3 விழ நாலு வழி இருக்கிறது. ஒன்றில் மூன்றும் இன்னொன்றில் வெறுமையும், ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் ஒன்றும், இவை இடம் மாறி விழுந்தால் மொத்தம் நாலு. 2 விழ மூன்று வழி, 4 விழ மூன்று வழி. தாயத்துக்கு இரண்டு, 5க்கு இரண்டு. 6க்கு ஒன்றே ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுகிற 12க்கும் ஒன்றே ஒன்று. லூடோ பகடையில் ஆறு எண்ணும் சமம். அதனால்தான் போனில் லூடோ ஆடிப் பழகிய பிள்ளைகள் தாயத்தில் தடுமாறுகிறார்கள். அங்கே ஆறு கட்டத்துக்குள் எவ்வளவு தள்ளி நின்றாலும் ஆபத்து ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை.

16 வழியில் 10 வழி 2, 3, 4. இந்த மூன்றில் ஒன்று விழுந்ததும் முறை முடிந்துவிடும். மற்ற ஆறு வழியும் மறு உருட்டு கொடுக்கும். ஆக, எல்லார் முறையும் கடைசியில் 2, 3, 4 இவற்றில் ஒன்றில்தான் முடிகிறது. அதிலும் 3 என்பது பத்துக்கு நாலு தடவை. எதிராளி என்ன போட்டாலும் அவர் கையில் கடைசியாக ஒரு 2, 3 அல்லது 4 இருந்தே தீரும். தாயம் வருமா என்பது வேறு கதை. முறையை முடிக்க 10 வழி, தாயத்துக்கு 2 வழி, எது முந்துகிறது என்பதுதான் கேள்வி. அதாவது 12க்கு 2, ஆறு முறைக்கு ஒரு முறை.

இதிலிருந்து, எதிராளி காய் உங்கள் காய்க்கு எத்தனை கட்டம் பின்னால் இருந்தால் அடுத்த முறையில் வெட்டு விழும் என்று போட்டுப் பார்க்கலாம். சேர்த்து ஓட்டுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஒரு கட்டம் பின்னால் இருந்தால் 100க்கு 17. இரண்டு கட்டம் என்றால் 32. மூன்று என்றால் 45. நாலு 38, ஐந்து 21, ஆறு 13, ஏழு வெறும் 8. மூன்றுக்கு 45 எப்படி என்றால், நேராக 3 விழ 40, தாயமும் 2ம் சேர்ந்து வர 5. மற்றவற்றையும் இப்படியே கூட்டிப் பார்க்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது முதல் எண். பகைக்காயின் மூக்குக்கு முன்னால் நிற்பதுதான் பயமாக இருக்கும். ஆனால் அங்கே ஆபத்து 17தான். "தள்ளிப் போயிடலாம்" என்று இரண்டு கட்டம் முன்னே போய் மூன்றில் நின்றால், ஆபத்து இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

இதே எண்கள் உங்களுக்கும் பொருந்தும். மலை உங்களுக்கு முன்னால் மூன்று கட்டத்தில் இருந்தால், அடுத்த முறை அதில் சரியாக ஏற 45. ஒரு கட்டத்தில் இருந்தால் 17.

இரண்டையும் நம் கட்டத்தில் பொருத்திப் பாருங்கள். ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே மூன்று வெறும் கட்டம். பின்மலையில் அத்தையின் காய் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் முதல் கட்டத்தில் நின்றால் வெட்டுப்பட 17, பிழைத்தால் அடுத்த மலை ஏற 45. மூன்றாவது கட்டத்தில் நின்றால் வெட்டுப்பட 45, மலை ஏற 17. அப்படியே தலைகீழ். ஆனால் ஆடுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் மலைக்கு ஒட்டின கட்டத்தில்தான் போய் நிற்பார்கள். "இன்னும் ஒண்ணுதான், தாயம் போட்டா ஏறிடுவேன்" என்பார்கள். அந்த ஒன்றுதான் வராது. நானே பதினைந்து வயது வரை அப்படித்தான் ஆடினேன். அதற்கும் பின்னால் உள்ள மலையில் அத்தைக்கு இன்னொரு காய் இருந்தாலும் வரிசை மாறாது. அந்தக் காயிலிருந்து முதல் கட்டம் ஐந்து, இரண்டாவது ஆறு, மூன்றாவது ஏழு தூரம், அதாவது 21, 13, 8. இரண்டு ஆபத்தையும் சேர்த்தாலும் முதல் கட்டம்தான் குறைவு. எனவே பின்மலையில் பகை இருக்கும்போது, மலையிலேயே ஏற முடியாவிட்டால், மலையைத் தாண்டின முதல் கட்டத்தில் நிறுத்துங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெட்டலாமா என்று பார்க்கும்போது எல்லாரும் "கிடைக்குதா, இல்லையா" என்றுதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மூன்று: வெட்டுப்படுகிற காய் எவ்வளவு நடந்திருக்கிறது, வெட்டின பிறகு என் காய் எங்கே நிற்கும், எதிராளி ஏற்கனவே வெட்டியிருக்கிறாரா. மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. வெட்டாதவர் உள்சுற்றில் நுழைய முடியாது. நீங்கள் வெட்டிவிட்டு அவர் வெட்டாமல் இருந்தால், உள்சுற்று எட்டுக் கட்டமும் உங்களுக்கு மலை மாதிரி. அங்கே உங்களைத் தொட ஆளே இல்லை. அவருக்கு முதல் வெட்டைக் கொடுப்பது ஒரு காயை இழப்பது மட்டுமில்லை, வீட்டுச் சாவியையே கொடுப்பது.

போன வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க உட்கார்ந்தபோது வந்த நிலை ஒன்றைச் சொல்கிறேன். எண் எல்லாம் என் பக்கத்திலிருந்து எண்ணினது. அத்தை எதிரே, அவருடைய காய் இறங்குகிற மலை என் கணக்கில் 9. நான் ஏற்கனவே ஒன்று வெட்டியிருந்தேன், அத்தை வெட்டவில்லை. என் காய் ஒன்று 13ஆம் மலையில், இன்னொன்று 6ல். அத்தையின் காய் ஒன்று 9ஆம் மலையில், இன்னொன்று 11ல். இரண்டு பேருக்கும் மீதிக் காய் கையில். எனக்கு விழுந்தது 5, அப்புறம் 3.

6ல் இருக்கிற காய்க்கு 5 வைத்தால் 11, வெட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி மகன் காயையே எடுத்துவிட்டான். "இருடா" என்று கையைப் பிடித்தேன்.

வெட்டினால் என்ன கிடைக்கும்? 11 என்பது அத்தைக்கு மூன்றாவது கட்டம், அந்தக் காய் நடந்ததே இரண்டு கட்டம். மறுபடி இறங்க ஒரு தாயம் வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு நட்டம். எனக்கோ இன்னும் ஒரு 3 வைக்க வேண்டியிருக்கிறது. வெட்டின காய்க்கே வைத்தால் அது 14ல் நிற்கும். 9லிருந்து ஐந்து தூரம், ஆபத்து 21. 13ல் இருக்கிற காய்க்கு வைத்தால் அது மலையை விட்டு இறங்கி 16க்கு வரும், 11ல் இன்னொன்று நிற்கும். 11 இரண்டு தூரம், 16 ஏழு தூரம், இரண்டு காயும் வெளியே. வெட்டுக்கு ஒரு உருட்டு கூடக் கிடைக்கும், அதில் நிலையைச் சரிசெய்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு ஆபத்தை வைத்து, அத்தைக்கு முதல் வெட்டுக் கொடுத்து, பதினாலு வரை வந்த காயை இழக்கிற வழியைத் திறந்துவிடுகிறேன். பதிலுக்குக் கிடைப்பது இரண்டே கட்டம்.

வெட்டாமல் விட்டால்? 3ஐ 6ல் இருந்த காய்க்கு வைத்தால் 9, அத்தை மலையிலேயே போய் உட்காரும். 5ஐ 13ல் இருந்த காய்க்கு வைத்தால் 18, உள்சுற்று. அத்தை வெட்டாதவர், அங்கே வர முடியாது. அந்த முறையில் அத்தை ஈராறாகப் போட்டாலும் என் காய் ஒன்றையும் தொட முடியாது. அதோடு அவருடைய 11ஆம் காய்க்குப் பின்னால் நான் இரண்டு கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அது நகராமல் இருந்தால் எனக்கு 32. அப்படியே ஆடினேன். தம்பி மகன் அன்று ராத்திரி முழுக்க என்னிடம் பேசவில்லை.

இதே 5, 3ஐ வைத்து நிலையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். அத்தையும் வெட்டியிருக்கிறார். அவருடைய ஒரு காய் 9ஆம் மலையில், மற்றது வெளிச்சுற்று முழுக்கச் சுற்றி என் கணக்கில் 8ஆம் கட்டத்துக்கு வந்துவிட்டது. அடுத்த அடி உள்ளே. என் காய் 3லும் 13லும். இப்போது 3லிருந்து 5 வைத்தால் 8, வெட்டு. போகிறது பதினைந்து கட்டம் நடந்த காய். ஒருவர் ஒரு முறையில் சராசரியாக ஆறு கட்டம் ஓட்டுகிறார் (ஒரு உருட்டுக்கு 3.75, ஒரு முறைக்கு 1.6 உருட்டு). பதினைந்து கட்டம் என்றால் இரண்டரை முறை ஆட்டம் வீண். வெட்டின காய் 8ல் நிற்கும், அத்தையின் 9ஆம் காய் அதைத் தொட ஊரைச் சுற்றிப் பதினைந்து கட்டம் வர வேண்டும். மிச்சம் 3ஐ 13ல் இருந்த காய்க்கு வைத்தால் 16. அத்தைக்கு ஏழு தூரம், ஆபத்து 8. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, வெட்டிவிட வேண்டும். ஒரே எண், ஒரே வெட்டு, ஆனால் முடிவு தலைகீழ்.

நீங்கள் இன்னும் வெட்டவே இல்லை என்றால் கணக்கு வேறு. அப்போது இரண்டு கட்டம் நடந்த குஞ்சுக்காய் கிடைத்தாலும் வெட்டிவிடுங்கள், ஆபத்து 45 ஆனாலும் பரவாயில்லை. வெட்டு இல்லாமல் ஓட்டுகிற ஒவ்வொரு கட்டமும் செக்கு மாடு சுற்றுவது மாதிரிதான்.

வெட்டுப்பட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதும் நீங்கள் எத்தனை காய் இறக்கியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தாயம் சராசரியாக ஆறு முறைக்கு ஒன்று. வெளியே வேறு காய் இருந்தால் அந்த ஆறு முறையும் அதை ஓட்டிக்கொண்டிருக்கலாம். இருந்தது ஒரே காய் என்றால், அது போன பிறகு தாயம் வரும்வரை சும்மா கட்டை உருட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே காய் இறக்கியிருப்பவர் விழுந்ததை எல்லாம் அந்தக் காய்க்கே வைக்க வேண்டும். மலையில் உட்கார ஆசைப்பட்டாலும் முடியாது, ஓடித்தான் ஆக வேண்டும். அதனால் தாயம் விழுந்ததும் காயை இறக்குங்கள். அந்தத் தாயத்தால் ஒரு காய் மலையேறும் என்றாலோ, நல்ல வெட்டு விழும் என்றாலோ மட்டும் வேறு யோசனை. காவலுக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு காயாவது வெளியே இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம் உங்களுக்கு உதவும்.

இதெல்லாம் கட்டை ஒழுங்காக இருந்தால் மட்டும். ஓரம் தேய்ந்த பழைய கட்டை ஒரு பக்கமாகவே விழும். சந்தேகம் இருந்தால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து 160 தடவை உருட்டிக் கோடு போடுங்கள். 3 சுமார் 40 தடவை, தாயம் 20, 12 ஒரு பத்து வர வேண்டும். நாலைந்து கூடக் குறைய இருக்கலாம், ஆனால் 12 இருபத்தைந்து தடவை வந்தால் அந்தக் கட்டையைப் பூஜை அறையில் வைத்துவிடுங்கள். ஆள் கையையும் பாருங்கள். எங்கள் உறவில் ஒருவர் கட்டையை உருட்டவே மாட்டார், விரல் நுனியில் வைத்து வழுக்கி விடுவார். எதிர்பார்த்த பக்கமே விழும். உள்ளங்கை இரண்டுக்கும் நடுவே தேய்த்து உருண்டால்தான் கணக்கு என்று சட்டம் போட்ட பிறகு அவர் ஆட வருவதில்லை.

மாசி, பங்குனியில் புளி கொட்டை எடுக்கிற வீடுகளில் கட்டை தேட மாட்டார்கள். நாலு கொட்டையை ஒரு பக்கம் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி அதிலேயே ஆடுவார்கள், எல்லாம் கருப்பாக விழுந்தால் எட்டு. அங்கே நான் சொன்ன எண்களை வைக்காதீர்கள். கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டாலே 16ல் ஆறு வழி 2தான், 3க்கு நாலு வழி. அதனால் ஆபத்தான தூரம் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்துவிடும். அதுவும் தேய்த்த கொட்டை சமமாக விழாது, ஒரு பக்கம் சாயும். ஆடுவதற்கு முன் ஐம்பது தடவை போட்டு எது அதிகம் வருகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாகப் பழம். பழத்துக்குச் சரியான எண் விழ வேண்டும், கூட விழுந்தால் செல்லாது. இங்கேயும் அந்த மூன்றும் ஒன்றும்தான். 22ல் நிறுத்தினால் பழத்துக்கு 3 வேண்டும், 100க்கு 45. 24 வரை ஓட்டிக் கொண்டுபோய் ஒட்டினால் தாயம் வேண்டும், 17. எதிராளி உள்ளே வர முடியாத நிலையில் 22ல் அவசரப்படாமல் நின்று, சின்ன எண்ணை எல்லாம் வேறு காய்க்கு வைத்துக்கொண்டு 3க்குக் காத்திருக்கலாம்.

அன்று ராத்திரி அத்தை இரண்டு மணிக்கு மேல் முதல் வெட்டு வெட்டி, ஒரு காயை விறுவிறுவென்று 24ல் கொண்டுபோய் வைத்தார். "ஒரு தாயம்டா, ஒரே ஒரு தாயம்" என்று கட்டையை நெற்றியில் ஒற்றி ஒற்றி உருட்டினார். மூன்று, மூன்று, நாலு, இரண்டு, மூன்று. சொர்க்கவாசல் திறக்க நேரமாகிவிட்டது என்று மாமா வந்து கூப்பிடும்போது அந்தக் காய் அங்கேயேதான் இருந்தது.